நிரவல்: ஒரே வரி, மாறாத தாளம், மாறிக்கொண்டே போகும் இசை

கர்நாடக இசைக் கச்சேரியில் ஒரு கீர்த்தனை முழுவதும் பாடி முடியுந் தறுவாயில், பாடகர் திடீரென்று சரணத்தின் ஒரு வரிக்குத் திரும்பி அதையே மீண்டும் மீண்டும் பாடத் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். சொற்கள் அதேதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மெட்டு வேறாக வருகிறது. வயலின்காரர் அதை வாங்கித் தன் பங்குக்கு ஒரு சுற்று வாசிக்கிறார். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். இசை பயிலாத ஒருவருக்கு, “ஏன் இந்த ஒரு வரியிலேயே நிற்கிறார்கள்?” என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்த நிற்றலுக்குப் பெயர்தான் நிரவல்.

நிரவுதல் என்றால் பரப்புதல், இட்டு நிரப்புதல். சங்கீத நூல்கள் இதைச் சாகித்திய விந்நியாசம் என்றும் சொல்லும். ஆலாபனையில் சொல்லும் இல்லை, தாளமும் இல்லை. இராகம் மட்டுமே உண்டு. கற்பனைஸ்வரத்தில் தாளம் உண்டு, ஆனால் பாட்டின் சொல்லுக்குப் பதிலாக ஸ்வரப் பெயர்கள் வருகின்றன. அந்தந்தக் கணத்தில் கற்பனை செய்து பாடப்படும் பகுதிகளில் இராகம், தாளம், பாட்டின் சொல் மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டியது நிரவலில்தான். பாடகர் தாமாக மாற்றக்கூடியது மெட்டு ஒன்றே. அதையும் இராகத்தின் எல்லைக்குள்தான் மாற்றலாம்.

கீர்த்தனையில் வரும் சங்கதிகளையும் நிரவலையும் பலர் ஒன்றென்று எண்ணிக்கொள்வார்கள். சங்கதி என்பது ஒரு வரியின் மெட்டைப் படிப்படியாக வளர்த்து, குரு சீடருக்குப் பாடமாகச் சொல்லிவைத்தது. அது வீட்டிலிருந்தே வருகிறது. நிரவல் மேடையில் பிறக்க வேண்டும். மனப்பாடம் செய்த நிரவலும் உலகத்தில் உண்டுதான். அதை நிரவல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்தால் விடயம் தெளிவாகும். இந்தக் கட்டுரைக்காகவே ஒரு வரியை அமைத்துக்கொள்வோம்:

“ஊர்விட்டுப் போனாலும் உன்னை மறவேன் முருகா”

இதை மோகன இராகத்தில், ஆதி தாளத்தில் வைப்போம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டு, பிறகு மூன்று விரல்கள். அதன்பின் தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. வரி தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குகிறது. “ஊர்” முதல் தட்டில், “விட்டுப்” இரண்டாவது எண்ணிக்கையில், “போ” மூன்றில், “னாலும்” நான்கில். ஐந்தாவது எண்ணிக்கையான தட்டில் “உன்னை” விழுகிறது. ஆறில் “மறவேன்”, ஏழில் “முரு”, எட்டில் “கா”.

வரி தொடங்கும் இடத்துக்கு எடுப்பு என்று பெயர். நடுவில் பொருள் சற்று நின்று திரும்பும் இடம், அதாவது “உன்னை” விழும் ஐந்தாவது தட்டு, அறுதி எனப்படும். இந்த இரண்டும் இரண்டு தூண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள எழுத்துகள் அரை எண்ணிக்கை முன்பின்னாக அசையலாம். தூண்கள் அசையக் கூடாது. இராகம் தானம் பல்லவியில் வரும் நிரவலில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். கீர்த்தனை நிரவலில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனாலும் எந்தச் சுற்றிலும் எடுப்பைத் தவறவிட்டால் மன்னிப்பு இல்லை.

இப்போது பாடுவோம். முதற்சுற்றில் வரியை அதன் சொந்த மெட்டிலேயே இரண்டு முறை பாடுவது நல்ல வழக்கம். கேட்பவருக்கும் மிருதங்கக்காரருக்கும் எந்த வரி, எந்த இடம் என்று தெரிய வேண்டுமல்லவா? அடுத்து, காந்தாரத்தையும் ரிஷபத்தையும் சுற்றிக் கீழேயே நிற்கலாம். “ஊர்” காந்தாரத்தில் நீண்டு நிற்க, “போனாலும்” மெல்ல மத்திய ஷட்ஜத்துக்கு இறங்கி வரும். அதற்கடுத்த சுற்றில் பஞ்சமத்தை மையமாக வைத்து, “உன்னை” என்ற இடத்தில் தைவதத்தைத் தொட்டுவரலாம். அதன்பின் மேல் ஷட்ஜம், மேல் ரிஷபம், மேல் காந்தாரம் என்று “முருகா” ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட ஒரு படி மேலே போய், பிறகு எடுப்புக்கு இறங்கிவந்து சேரும். வயலின் ஒவ்வொரு சுற்றுக்கும் பதில் சொல்லும்.

மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. மேல் ஷட்ஜத்திலிருந்து தைவதத்துக்கு வழுக்கி இறங்கும்போது குரல் நிஷாதத்தில் பட்டுவிட்டால், அந்தக் கணமே பிலஹரியின் வாடை வந்துவிடும். சொல்லிலும் தாளத்திலும் கவனம் போய்விடும்போதுதான் இப்படி நடக்கும். ஆலாபனையில் தவறாத பாடகரும் நிரவலில் தவறுவது இதனால்தான்.

முதலாம் காலத்தில் இப்படிச் சில சுற்றுகள் போனபின் இரண்டாம் காலம் வரும். தாளத்தின் வேகம் கூடுவதில்லை. பாடகரின் கை முன்புபோலவே போட்டுக்கொண்டிருக்கும். அதே எண்ணிக்கைக்குள் வரும் ஸ்வரங்கள் மட்டும் இரட்டிப்பாகும். மிருதங்கமும் இங்கே அடர்த்தியாகும். அதுவரை பாடகர் எழுத்துகளை இடம்பார்த்து வைக்கும்போது குறுக்கே சிக்கலான கணக்குகள் வாசிக்காமல் காத்திருந்தது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னவை இசையின் கணக்கு. நிரவலை நிரவலாக்குவது சொல்லின் கணக்கு. அங்கேதான் அதிகம் சறுக்குகிறது.

எங்கள் உதாரண வரியில் நீட்டிப் பாடுவதற்கு ஏற்ற எழுத்துகள் எவை என்று பாருங்கள். “ஊ”, “போ”, “னா”, “வே”, “கா”. எல்லாம் நெடில்கள். அலங்காரங்களை எல்லாம் அங்கே கொட்டலாம். “மற” என்பது இரண்டு குறில். ஒரு பாடகர் அந்த இடத்தில் நல்ல பிடியொன்று கிடைத்த மயக்கத்தில் “ம”வை நீட்டினால் “மாறவேன்” என்று கேட்கும். “மற” என்று சொல்லி நிறுத்தி, மூச்சு எடுத்து, பிறகு “வேன்” என்றால், மறக்கமாட்டேன் என்ற உறுதி, “உன்னை மற” என்ற ஏவலாகிவிடும்.

இன்னொன்று இதைவிட மோசம். இரண்டாம் காலத்தில் வேகத்துக்காகச் சொற்களைத் துண்டித்துத் திரும்பத் திரும்பப் பாடும் பழக்கம் உண்டு. “ஊர்விட்டுப் போ, ஊர்விட்டுப் போ, ஊர்விட்டுப் போனாலும்” என்று ஒருவர் பாடினால் தாளம் சரியாகவே இருக்கும், மோகனமும் சரியாகவே இருக்கும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் உண்மையிலேயே ஊர்விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள் என்றால், அந்தத் துண்டு அவர்களுடைய காதில் எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. பக்தன் முருகனிடம் சொன்ன வாக்கியம், யாரோ பக்தனுக்கு இட்ட கட்டளையாகிவிட்டது. “போனாலும் போனாலும்” என்று பாடியிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. தாளத்துக்கு வேண்டிய துள்ளலும் கிடைத்திருக்கும். எந்த இடத்தில் வெட்டலாம் என்பதை மொழி தீர்மானிக்க வேண்டும், கை அல்ல.

தமிழில் இந்தத் தவறு உடனே பிடிபட்டுவிடும். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இதே தவறு நடக்கும்போது எங்கள் சபைகளில் பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. சில வேளைகளில் பாடுபவருக்கும் தெரிவதில்லை. கச்சேரிகளில் நிரவலுக்கு வழக்கமாக எடுக்கப்படும் பல வரிகள் இந்த மொழிகளில்தான் உள்ளன. தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’ என்ற கரஹரப்பிரியாக் கீர்த்தனையில், கண்ணுக்கு இனிய இராமனின் வடிவைச் சொல்லும் சரண அடி அப்படிப்பட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் ‘ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே’ என்ற காம்போஜிக் கிருதியில், இந்திரன் முதலான தேவர்கள் வணங்குபவன் என்று முருகனைச் சொல்லும் அடி இன்னொன்று. இவற்றைப் படிக்கும் மாணவர்கள் சொல்லைச் சொல்லாகப் பிரித்து எழுதி, பொருளை அருகில் குறித்துக்கொண்டு பாடவேண்டும் என்று பழைய ஆசிரியர்கள் வற்புறுத்துவது வெறும் கண்டிப்பு அல்ல.

மேலே சொன்ன இரண்டு அடிகளையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் இப்போது விளங்கும். நிரவலுக்கு எடுக்கும் வரி தனியாக நின்றாலும் பொருள் தரவேண்டும். நெடில்கள் பரவலாக இருக்கவேண்டும். எழுத்துகள் நெருக்கமாக அடைந்திருந்தால் மெட்டுக்கு இடமில்லை. மிகக் குறைவாக இருந்தால் ஆலாபனைபோல் ஆகிவிடும். விரைவான நடையில், சொற்கள் நெருங்கிவரும் கீர்த்தனைகளில் நிரவல் பாடாமல் விடுவதற்குக் காரணம் இதுதான்.

குரல் இல்லாத வாத்தியத்தில் நிரவல் எப்படி என்று கேட்கலாம். வயலினில் வில்லின் ஒவ்வொரு இழுப்பும் ஓர் எழுத்து. கோயில் திருவிழா இரவுகளில் எங்களவர் அதிகம் கேட்டது நாதஸ்வரம், அளவெட்டி என்.கே.பத்மநாதன் போன்றவர்களின் வாசிப்பில் வளர்ந்த செவிகள் இங்கே நிறைய உண்டு. நாதஸ்வரக்காரர் சீவாளியில் நாக்கால் தட்டும் துத்துக்காரத்தால் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவார். பாட்டுத் தெரிந்தவருக்கு அந்தத் தட்டுகளில் சொற்களே கேட்கும். தட்டு இல்லாமல் ஒரே இழுவையாகப் போனால், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தாளத்துக்குள் வாசித்த ஆலாபனைதான்.

பாடகர்களிடமும் இதே குறை உண்டு. “ஊர்” என்று தொடங்கி, அடுத்த ஆறு எண்ணிக்கைக்கு அகாரத்தில் அலைந்துவிட்டு, கடைசி எண்ணிக்கையில் மிகுதிச் சொற்களை எல்லாம் அள்ளிப்போட்டு எடுப்புக்கு ஓடிவருவார்கள். கைதட்டல் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க இசைப் பயிற்சி தேவையில்லை. அடுத்த முறை ஒரு ஒலிப்பதிவில் நிரவல் வரும்போது நீங்களும் தொடையில் தாளம் போடுங்கள். முதல் இரண்டு சுற்றில், ஐந்தாவது எண்ணிக்கைத் தட்டில் எந்தச் சொல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு தாளமென்றால், நடுவில் வரி நின்று திரும்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு மெட்டு எங்கே போனாலும் அந்தச் சொல் அந்த இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். நல்ல பாடகரிடம், மேல் காந்தாரத்தில் சஞ்சரித்துக்கொண்டிருக்கும்போதும் அது வந்துவிடும்.

இரண்டாம் காலம் உச்சத்துக்குப் போனபின் பாடகர் வரியை அதன் பழைய மெட்டில் ஒருமுறை பாடுவார். உடனே அதே எடுப்புக்கு “கா, ப, கா, ரி” என்று ஸ்வரம் தொடங்கும். “ஊர்விட்டு” என்ற சொல் ஒவ்வொரு ஸ்வரக் கோவையின் முடிவிலும் திரும்பி வந்துகொண்டிருக்கும்.