டெமோகிரிட்டஸின் படிக்கட்டு

ஒரு கூம்பை அடிக்குச் சமாந்தரமாக வெட்டுகிறோம். வெட்டின இடத்தில் இரண்டு வட்டங்கள் வரும்: மேல்துண்டின் அடி ஒன்று, கீழ்த்துண்டின் மேற்பக்கம் மற்றது. இரண்டும் ஒரே அளவா? ஓம் என்றால் கூம்பு எங்கேயும் ஒடுங்கவில்லை, அது உருளைதான். இல்லை என்றால் அதன் பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்கவேண்டும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பிறந்த டெமோகிரிட்டஸ் இப்படிக் கேட்டதாகப் புளூட்டாக் எழுதியிருக்கிறார்.

கூம்பின் கனவளவு உருளையினதில் மூன்றில் ஒன்று என்று முதலில் சொன்னதும் இதே ஆள்தான். நிறுவியவர் யூடொக்சஸ். இரண்டையும் நமக்குச் சொல்பவர் ஆர்க்கிமிடிஸ்.

சரி, படிக்கட்டையே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். உயரம் h, அடியின் ஆரை r. உச்சியிலிருந்து 10 சம தடிப்புள்ள துண்டுகளாக வெட்டினால், வெட்டுகளின் ஆரைகள் r/10, 2r/10 என்று கூடிப்போகும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் அடிவட்டத்தையே எடுத்துத் தட்டையான உருளை செய்து அடுக்கினால், அடுக்கு கூம்பைவிடப் பெரிது: முழு உருளையின் 0.385 பங்கு. மேல்வட்டத்தை எடுத்தால் சிறிது: 0.285. உண்மை இடையில் இருக்கிறது. 100 துண்டுகள் என்றால் 0.33835, 0.32835. இரு அடுக்குகளுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் மிகக் கீழே உள்ள ஒரேயொரு தட்டின் அளவுதான். துண்டு மெலிய மெலிய அதுவும் இல்லாமல் போகும். படிகள் இருக்கட்டும், கனவளவில் அவை மிஞ்சுவதில்லை. உயர்தரத்தில் நாம் எழுதும் தொகையீடு இதன் சுருக்கம்:

V = ∫₀ʰ π(rx/h)² dx = πr²h/3

கோளத்துக்கு மையத்திலிருந்து x தூரத்தில் வெட்டுவோம். பைதகரஸின்படி வெட்டுமுகத்தின் பரப்பு π(r² − x²). அதை −r இலிருந்து r வரை தொகையிட்டால் 2πr³ − 2πr³/3, அதாவது 4πr³/3. கழிபடுகிற பகுதியைக் கவனியுங்கள்: r ஆரையும் r உயரமும் கொண்ட இரண்டு கூம்புகள் அவை. கூம்பு தெரிந்தவருக்குக் கோளத்தில் பாதி வேலை முடிந்தது.

ஆர்க்கிமிடிஸ் இப்படித் தொகையிடவில்லை. கோளத்தினதும் கூம்பினதும் துண்டுகளைக் கற்பனைத் தராசில் ஒரு பக்கமும், உருளையின் துண்டுகளை மறுபக்கமும் வைத்துச் சமப்படுத்தினார். எரதொஸ்தனீசுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில், இது விடையைக் கண்டுபிடிக்க உதவும், நிறுவல் ஆகாது என்று அவரே சொல்லிவிடுகிறார். 1906இல் கொன்ஸ்தாந்திநோபிளில், பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றின் எழுத்துகளுக்கு அடியில் அழிக்கப்பட்டுக் கிடந்த அதை ஹைபெர்க் வாசித்தார்.

அவரின் எச்சரிக்கை வீண் இல்லை. அதே படிக்கட்டை வைத்துக் கூம்பின் வளைபரப்பைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். படிகளின் நிமிர்ந்த பக்கங்களை மட்டும் கூட்டினால், துண்டு மெலிய மெலிய விடை πrh ஐத்தான் நெருங்கும். சரியான விடை πrl, l என்பது சாய்வுயரம். இங்கே மட்டும் டெமோகிரிட்டஸின் படிகள் மறைய மறுக்கின்றன.