தீபாவளியும் ஹரி ராயாவும் அடுத்தடுத்து வந்த ஆண்டுகள்



பொங்கல் எந்த நாள் என்று நம் வீடுகளில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஜனவரி 14, தவறினால் 15. ஆனால் தீபாவளி என்றால், புது நாட்காட்டி வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்க்கிறோம். ஓர் ஆண்டில் அக்டோபரில் வருகிறது, மற்றோர் ஆண்டில் நவம்பரில் வருகிறது. மலாய் அன்பர்களின் ஹரி ராயாவோ எந்த மாதத்திலும் வருகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதை, நம் நாட்டில் பலரும் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இன்று பார்ப்போம்.

2004-ஆம் ஆண்டில் தீபாவளி நவம்பர் 11-ஆம் நாள் வந்தது. மூன்று நாள் கழித்து, நவம்பர் 14-இல் ஹரி ராயா. 2005-இல் தீபாவளி நவம்பர் 1, ஹரி ராயா நவம்பர் 3. 2006-இல் தீபாவளி அக்டோபர் 21, ஹரி ராயா அக்டோபர் 24. மூன்று ஆண்டுகள் இரண்டு பெருநாள்களும் கைகோத்துக்கொண்டு வந்தன. ஒரே வாரத்தில் நம் வீட்டு முறுக்கு அவர்கள் வீட்டுக்கும், அவர்கள் வீட்டு லெமாங் நம் வீட்டுக்கும் போயின. இனி எப்போதும் இப்படித்தான் என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனால் 2007-இல் ஹரி ராயா அக்டோபர் 13-இலேயே வந்துவிட்டது. தீபாவளியோ நவம்பர் 8-க்குப் போய்விட்டது. மூன்று ஆண்டுகள் ஒன்றாக வந்தவை திடீரென்று ஏன் பிரிந்தன?

விடை நிலவில் இருக்கிறது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு இருபத்தொன்பதரை நாள்தான். இப்படிப் பன்னிரண்டு முறை எண்ணினால் 354 நாள் வரும். ஆனால் வெயிலும் மழையும் ஒரு சுற்றுச் சுற்றி, சூரியன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர 365 நாளும் கால் நாளும் ஆகின்றன. நிலவின் பன்னிரண்டு மாதம் சூரியனின் ஓராண்டை எட்டிப் பிடிக்காமல், ஏறக்குறைய 11 நாள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. நிலவை நம்பி நாள் குறித்தால், அந்த நாள் ஆண்டுதோறும் 11 நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். மூன்று ஆண்டில் அது ஒரு மாதத்துக்கும் மேலாகிவிடும்.

இந்த 11 நாளை என்ன செய்வது என்பதில்தான் மக்களினங்கள் வேறுபட்டன.

அரபு நாட்டில் இஸ்லாம் தோன்றுவதற்கு முன், இடையிடையே ஒரு மாதத்தைக் கூட்டியும் தள்ளியும் வைக்கும் வழக்கம் இருந்தது. புனித மாதங்களை அவரவர் வசதிக்கு மாற்றவும் அது இடம் கொடுத்தது. திருக்குர்ஆன் அந்த வழக்கத்தை விலக்கி, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமே என்று வரையறுத்தது. பின்னர் கலீஃபா உமர் அவர்களின் காலத்தில், நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்ட 622-ஆம் ஆண்டை முதலாண்டாகக் கொண்டு அந்த ஆண்டுக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஹரி ராயா சூரியனைப் பார்ப்பதே இல்லை. ஆண்டுக்கு 11 நாள் வீதம் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவந்துவிடுகிறது. மழைக்காலத்தில் நோன்பு நோற்ற ஒரு பிள்ளை, வளர்ந்தபின் கடும் வெயிலிலும் நோன்பு நோற்பதற்கு இதுவே காரணம்.

சீனர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களும் நிலவின் மாதங்களைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் பற்றாக்குறை சேர்ந்து ஒரு மாத அளவை எட்டும்போது, அந்த ஆண்டில் பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். 19 ஆண்டுக்கு ஏழு முறை இப்படிச் சேர்த்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். பாபிலோனியரும் பண்டைக்காலத்தில் இதே கணக்கைக் கையாண்டனர். சீனப் புத்தாண்டு முன்னும் பின்னும் போனாலும், ஜனவரி 21-ஐ ஒட்டிய நாளுக்கு முன்னும் வராமல், பிப்ரவரி 21-ஐத் தாண்டியும் போகாமல் நிற்பது இதனால்தான். நம் தெலுங்கு அன்பர்களும் இவ்வாறே ஒரு மாதத்தைக் கூட்டி, அதை அதிக மாசம் என்று அழைக்கிறார்கள்.

தமிழர் வழக்கம் இன்னொரு வகை. நம் சித்திரையும் ஆடியும் ஐப்பசியும் நிலவின் மாதங்கள் அல்ல, சூரியனின் மாதங்கள். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகும்போது நமக்கு மாதம் பிறக்கிறது. தை மாதப் பிறப்பே பொங்கல் என்பதால், அது ஜனவரி 14, 15-ஐ விட்டு நகர்வதில்லை. ஆனால் தீபாவளிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மாதம் ஐப்பசியாக இருக்க வேண்டும். அது சூரியன் கணக்கு. அந்த மாதத்துக்குள் தேய்பிறைச் சதுர்த்தசி, அதாவது அமாவாசைக்கு முந்திய திதி, விடியற்காலையில் இருக்க வேண்டும். இது நிலவின் கணக்கு.

முளையடித்துக் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு எட்டும் வரை அது மேயும். அதற்கு மேல் போக முடியாது. நம் தீபாவளி அப்படிப்பட்டது. நிலவு அதை இழுத்துக்கொண்டு போகிறது; ஐப்பசி என்ற முளை அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஹரி ராயாவுக்கு முளை கிடையாது.

இப்போது 2006-க்குத் திரும்புவோம். அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 21. நிலவின் பன்னிரண்டு மாதம் கழித்து எண்ணினால், 2007-இல் அக்டோபர் 10-ஆம் நாள் சதுர்த்தசி வருகிறது. ஆனால் அன்று ஐப்பசி பிறக்கவில்லை. ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17 அல்லது 18-இல்தான். அக்டோபர் 10 புரட்டாசி. அன்று தீபாவளி கொண்டாட முடியாது. ஆகவே அடுத்த சதுர்த்தசி வரை, அதாவது நவம்பர் 8 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஹரி ராயாவுக்கோ காத்திருக்கும் விதி இல்லை. நம் தீபாவளி விட்டுக்கொடுத்த அந்த அக்டோபர் அமாவாசையை அடுத்துப் பிறை தெரிந்ததும், அக்டோபர் 13-இல் பெருநாள் வந்துவிட்டது.

இரண்டும் சேர்ந்த விதத்தையும் இப்படியே விளக்கலாம். 2003-இல் தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்தது. ஹரி ராயா நவம்பர் 25-இல் வந்தது. ஒரு மாத இடைவெளி. 2004-இல் ஹரி ராயா வழக்கம்போல் 11 நாள் முன்னே வந்தது. தீபாவளி முளையை எட்டிவிட்டதால் மூன்று வாரம் போலப் பின்னே தாவியது. ஒன்று முன்னே வர, மற்றது பின்னே போக, இரண்டும் சந்தித்தன. அடுத்த இரண்டு ஆண்டுகள் இரண்டுமே 11 நாள் போல முன்னே நகர்ந்ததால் சேர்ந்தே நடந்தன. முளை மறுபடியும் கயிற்றை இழுத்ததும் பிரிந்தன.

சேர்ந்து வந்தபோதும் அவை ஒரே நாளில் வராமல் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டதைக் கவனித்திருப்பீர்கள். தீபாவளி என்பது பழைய நிலவு தேய்ந்து முடியும் நாள். ஹரி ராயா என்பது புது நிலவின் முதல் பிறைக்கு மறுநாள். நடுவில் நிலவு கண்ணுக்கே தெரியாத இருட்டு நாள் இருக்கிறது. அந்த இடைவெளியை யாராலும் அகற்ற முடியாது.

அடுத்த ஆண்டுத் தீபாவளியை நீங்களே ஏறக்குறையக் கணக்கிடலாம். இவ்வாண்டுத் தேதியிலிருந்து 10 அல்லது 11 நாளைக் கழியுங்கள். வரும் நாள் அக்டோபர் 17-க்கு முன்னால் போய்விட்டால், ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. பதினொன்றைக் கழித்தால் அக்டோபர் 20. 2025-இல் அன்றுதான் வந்தது. மறுபடி பதினொன்றைக் கழித்தால் அக்டோபர் 9, அது புரட்டாசி. ஒரு மாதம் கூட்டினால் நவம்பர் 8. 2026-க்குரிய நாள் அதுவே. ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அதற்குப் பஞ்சாங்கம் வேண்டும்.

இந்தக் கணக்கு பழைய நினைவுகளுக்கும் உதவும். தோட்டத்தில் பிறந்த நம் முதியோர் பலருடைய பிறந்த ஆண்டு, பிற்காலத்தில் யாரோ ஒருவர் குத்துமதிப்பாக எழுதியதாகவே இருக்கும். ஆனால் அவர்கள் பெருநாளை மறப்பதில்லை. ஒரு பாட்டி, “ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், தீபாவளிக்கு நான் பிறந்தேனாம். மூன்றாம் நாளே மலாய்க்காரர்களுக்குப் பெருநாள் என்று ஆத்தா சொல்லும்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பரில். அதற்கு முன் இரண்டு பெருநாள்களும் அடுத்தடுத்து வந்தவை 1939, 1940, 1941 ஆகிய மூன்று ஆண்டுகளே. அதற்கும் முந்திய சந்திப்பு ஏறக்குறைய 33 ஆண்டு பின்னால் இருப்பதால் அதைத் தள்ளிவிடலாம்.

இந்த மூன்றில் எது? “ஐப்பசி பிறந்த இரண்டு மூன்று நாளில் தீபாவளி வந்ததாம்” என்று பாட்டி சொன்னால் அது 1941. மாத நடுவில் என்றால் 1940. மாதக் கடைசியை நெருங்கி என்றால் 1939. அவருடைய அடையாள அட்டையில் 1943 என்று இருந்தால், அட்டையும் நினைவும் ஒத்துப்போகவில்லை என்று தெரியும். ஏனென்றால் 1943-இல் ஹரி ராயா தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு மேல் முன்னதாகவே முடிந்துவிட்டது. இது அலுவலகத்தில் காட்டும் சான்று ஆகாது. பாட்டியின் தாயார் சொன்னது சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கும் சரி. ஆனாலும் வீட்டாருக்கு ஒரு மனிதரின் வயது தெளிவாகும்.

இதே சந்திப்பு மீண்டும் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. பிறகு நாம் கண்ட 2004 முதல் 2006 வரை. இனி 2037, 2038-ஆம் ஆண்டுகளில் தீபாவளியும் ஹரி ராயாவும் மறுபடி அடுத்தடுத்து வரும். உங்கள் வீட்டில் முதியோர் இருந்தால், அவர்கள் பிறந்தபோது எந்தப் பெருநாள் பக்கத்தில் வந்தது என்று இன்று மாலையே கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.