வரம்புத் தொகை எதை அளக்கிறது? அரசின் நிதி அதிகார விதிகளும் நிறுவனத்தின் ஒப்புதல் பக்கமும்

நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் தொழிற்சாலையின் ஆண்டு பட்ஜெட்டில் கடைசிப் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இடப்புறம் பதவிகள், வலப்புறம் தொகைகள். துறை மேலாளர் 50,000 ரூபாய் வரை, ஆலை மேலாளர் 3 லட்சம் வரை, நிதித் துறைத் தலைவர் 15 லட்சம் வரை, நிர்வாக இயக்குநர் 50 லட்சம் வரை, அதற்கு மேல் இயக்குநர் குழு. கீழே கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம். இந்தத் தொகைகளை எடுத்துக்காட்டாகவே வைத்திருக்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் அவை மாறும், பக்கத்தின் அமைப்பு அதிகம் மாறாது.

மத்திய அரசின் ஓர் அலுவலகத்தில் இதே வேலையைச் செய்பவை நிதி அதிகாரப் பகிர்வு விதிகளும் 2017-இன் பொது நிதி விதிகளும். அங்கேயும் பதவி உண்டு, தொகை உண்டு. ஆனால் தொகையை எழுதுவதோடு விதி நின்றுவிடுவதில்லை. அந்தத் தொகையை எதன்மேல் வைத்து அளக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. நிறுவனத்தின் பக்கம் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் இதுவே முதன்மையானது என்று நினைக்கிறேன். தணிக்கையில் அகப்படும் பெரும்பாலான குளறுபடிகளும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

ஒரு பயிற்சி முகாமை எடுத்துக்கொள்வோம். ஓர் அலுவலகம் மூன்று நாள் முகாமுக்காக விளம்பரப் பலகைகள், கோப்புகள், பைகள், அச்சிட்ட கையேடுகள் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குகிறது. மொத்தம் 1,44,000 ரூபாய். பொது நிதி விதிகள் 2017-இல் வெளியான வடிவில், அரசின் இணையச் சந்தையான ஜெம்மில் கிடைக்காத பொருளை 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளி கேட்காமலேயே வாங்கலாம். தரமும் விலையும் நியாயமாக இருப்பதாக அதிகாரி சான்று எழுதினால் போதும். 25,000-க்கு மேல் 2.5 லட்சம் வரை என்றால் மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு சந்தையை விசாரித்துப் பரிந்துரைக்க வேண்டும். நம் அலுவலகத்தில் 24,000 ரூபாய் வீதம் ஆறு பில்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அதிகாரியின் சான்று இருக்கிறது. பில்லைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூட வரம்பைத் தாண்டவில்லை.

இந்த வழியை 157-ஆம் விதி அடைக்கிறது. ஏல நடைமுறையையோ மேலதிகாரியின் ஒப்பளிப்பையோ தவிர்ப்பதற்காகத் தேவையைச் சிறு சிறு அளவாகப் பிரித்து வாங்கக் கூடாது என்கிறது அது. யாருடைய ஒப்பளிப்பு தேவை என்பதை முடிவு செய்வது மொத்தத் தேவையின் மதிப்பீடு. முகாம் ஒன்று, நோக்கம் ஒன்று, மொத்தம் 1,44,000. எனவே கொள்முதல் குழு இல்லாமல் வாங்கியது தவறு. தணிக்கையாளர் இதற்காக யாருடைய மனதையும் ஆராய வேண்டியதில்லை. கடை, தேதி, நோக்கம் ஆகிய மூன்றையும் வைத்து பில்களை அடுக்கினால் மொத்தம் தானே வெளிவந்துவிடும்.

இதே ஆறு பில்கள் தொழிற்சாலைக்கு வந்தால் என்ன ஆகும்? துறை மேலாளரின் வரம்பு 50,000. ஆறிலும் அவர் கையெழுத்திடுவார். பக்கத்தின்படி அதில் பிழையே இல்லை, ஏனென்றால் 50,000 என்பது ஒரு பில்லுக்கா, ஓர் ஆர்டருக்கா, ஒரு வேலைக்கா, ஓர் ஆண்டுக்கா என்று அங்கே எழுதவில்லை. கணினியில் ஓடும் கொள்முதல் மென்பொருளும் ஒவ்வோர் ஆர்டரையும் தனியாக எடுத்து வரம்போடு ஒப்பிடும்படிதான் பொதுவாக அமைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் இல்லாத வாக்கியம் மென்பொருளுக்குள்ளும் போய்ச் சேராது. ஒரு நிறுவனத்தில் வரம்பைப் பிரிக்கிறார்களா என்று பார்க்க விரும்புபவர், ஆர்டர் பதிவேட்டை எடுத்து வரம்புக்குச் சற்றுக் கீழே உள்ள தொகைகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். 45,000-க்கும் 50,000-க்கும் இடையில் நிற்கும் ஆர்டர்கள், 50,000-க்கும் 55,000-க்கும் இடையில் உள்ளவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால் கேள்வி கேட்கக் காரணம் இருக்கிறது. அதுவே குற்றத்துக்கு ஆதாரமாகிவிடாது. சில பொருள்களின் இயல்பான விலையே அந்த இடத்தில் இருக்கலாம்.

பில்லைப் பிரிப்பதில் பெரும்பாலும் ஓர் உள்நோக்கம் இருக்கும். எந்த உள்நோக்கமும் இல்லாமல் வரம்பு உடைவதும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஆலையில் உள்ள காற்றழுத்த இயந்திரத்துக்கு மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஆலை மேலாளரின் வரம்பு 3 லட்சம். இந்த ஆண்டு பட்ஜெட்டில் போகப்போவது 1,20,000 மட்டும். ஆகவே அவர் நல்லெண்ணத்தோடுதான் கையெழுத்திடுகிறார். ஆனால் அந்தக் கையெழுத்தால் நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடப்பாடு 3,60,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 4,24,800. கடப்பாட்டை அளந்தால் இது நிதித் துறைத் தலைவரின் மேஜைக்குப் போயிருக்க வேண்டும். ஆண்டுச் செலவை அளந்தால் ஆலை மேலாளரே போதும். இரண்டு வாசிப்புக்கும் பக்கம் இடம் கொடுக்கிறது. ஆகவே ஆலை மேலாளரிடம் விளக்கம் கேட்பதைவிட பக்கத்தைத் திருத்துவதுதான் நியாயம். ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மொத்த மதிப்பு, வரியைச் சேர்த்தா சேர்க்காமலா, பின்னால் வரும் கூடுதல் ஆர்டரையும் முதல் ஆர்டரோடு கூட்டவேண்டுமா என்ற மூன்றையும் தொகைப் பட்டியலுக்கு நேர் கீழே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது, பட்ஜெட்டில் பணம் இருப்பதும் அதைச் செலவழிக்க அனுமதி இருப்பதும் ஒன்றா என்ற கேள்வி. அரசு நடைமுறையில் இவை திட்டவட்டமாக வேறுவேறு. ஒதுக்கீடு இருந்தும் ஒப்பளிப்பு இல்லையென்றால் செலவு செய்ய முடியாது. ஒப்பளிப்பு கிடைத்தாலும் ஒதுக்கீடு வந்த பிறகுதான் அது செயலுக்கு வரும். கட்டுமான வேலை என்றால் இவற்றோடு தொழில்நுட்ப அனுமதியும் தனியாக வேண்டும். நிறுவனத்திலோ, இயக்குநர் குழு பட்ஜெட்டை ஏற்றுக்கொண்டதும் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் அனுமதி பெற்றுவிட்டது என்று துறைகள் எடுத்துக்கொள்வது வழக்கம். 40 லட்சத்துக்கு இயந்திரம் வாங்குவதாக பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கும். அக்டோபரில் அதை வாங்கும்போது நிர்வாக இயக்குநரின் கையெழுத்து மறுபடியும் வேண்டுமா, வேண்டாமா? நல்ல ஒப்புதல் பக்கம் இதற்கு இரண்டு பத்திகள் வைத்திருக்கும்: பட்ஜெட்டில் உள்ள செலவுக்கு ஒரு வரம்பு, பட்ஜெட்டில் இல்லாத செலவுக்கு அதைவிடச் சிறிய வேறொரு வரம்பு. ஆலை மேலாளர் திட்டமிட்ட செலவுக்கு 3 லட்சம் வரை கையெழுத்திடலாம், திட்டமிடாத செலவுக்கு 50,000 வரைதான் என்பது போல. இந்த இடத்தில் நிறுவனத்தின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. திடீரென்று இயந்திரம் பழுதானால் யாரிடம் போக வேண்டும் என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. அரசு அலுவலகத்தில் அதே நிலைமைக்கு ஒரு செலவினத் தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு நிதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று வேறொரு விதியைத் தேட வேண்டும். நாள்கள் போய்விடும்.

கொடுத்த அனுமதி எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்பதில் அரசு முந்திக்கொள்கிறது. புதிய செலவு ஒன்றுக்கான ஒப்பளிப்பு வெளியாகி 12 மாதங்களுக்குள் அதிலிருந்து ஒரு பகுதிகூடப் பட்டுவாடா ஆகவில்லை என்றால், புதுப்பிக்காத வரை அது காலாவதியாகிவிடும். நிறுவனங்களின் பக்கங்களில் இப்படி ஒரு வரியைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு முன் வேறு விலையில், வேறு மேலாளர் கொடுத்த ஒப்புதலைக் காட்டி இன்று ஆர்டர் போட முடிகிறது.

கையெழுத்திடுபவர் விடுப்பில் போனால்? அரசில் துறைத் தலைவர் தனக்குக் கீழுள்ள கெஜடெட் அதிகாரி ஒருவருக்குத் தன் அதிகாரத்தை எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கலாம், எந்த அளவுக்கு என்று குறிப்பிட்டு. ஆனால் அந்த அதிகாரி எடுக்கும் முடிவுகள் சரியானவையா, முறையானவையா என்பதற்குத் துறைத் தலைவரே தொடர்ந்து பொறுப்பு. கையெழுத்து இடம் மாறினாலும் பொறுப்பு இடம் மாறுவதில்லை. நிறுவனத்தில் மேலாளர் ஊருக்குப் போகும் அவசரத்தில் மென்பொருளில் ஒரு மாற்றாளரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். மாற்றாளர் அவருக்குக் கீழே வேலை செய்பவர், சில சமயம் கொள்முதல் கோரிக்கையை எழுப்பியவரே. அப்போது கேட்டவரும் ஒப்புதல் தந்தவரும் ஒருவராகிவிடுகிறார். திரும்பி வந்தபின் அந்த மாற்றத்தை நீக்க மறந்துவிட்டால் இது மாதக்கணக்கில் நீடிக்கும். மாற்றாளர் அதே மட்டத்திலோ மேல் மட்டத்திலோ உள்ளவராக இருக்க வேண்டும், முடியும் தேதி இல்லாமல் மாற்றம் பதிவாகக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் போதும்.

தனக்குத் தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்வதைப் பற்றி பொது நிதி விதிகளின் 21-ஆம் விதி தெளிவாக இருக்கிறது: நேராகவோ மறைமுகமாகவோ தனக்கு ஆதாயம் தரும் செலவுக்கு எந்த அதிகாரியும் ஒப்பளிப்பு கொடுக்கக் கூடாது. நிறுவனத்தின் கீழ்மட்டங்களில் இது ஓரளவு நடைமுறையில் இருக்கிறது. பயணப் படியில் மேலாளர்தான் கையெழுத்திடுகிறார். நிர்வாக இயக்குநரின் பயணப் படியில் யார் கையெழுத்திடுவது என்ற வரி மட்டும் பல பக்கங்களில் காலியாக இருக்கும். நடைமுறையில் கணக்குப் பிரிவில் இருக்கும் இளநிலை அலுவலர் அதைப் பணமாக்கிவிடுகிறார், மறுக்கும் நிலையில் அவர் இல்லை. இயக்குநர் குழுத் தலைவரோ தணிக்கைக் குழுத் தலைவரோ கையெழுத்திடுவார் என்று எழுதிவைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தப் பக்கத்தால் கீழே இறக்க முடியாத அதிகாரங்களும் உண்டு. கடன் வாங்குவது, நிறுவனத்தின் பணத்தை முதலீடு செய்வது, கடன் கொடுப்பது ஆகியவற்றை இயக்குநர் குழுக் கூட்டத்தின் தீர்மானத்தால்தான் செய்ய வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. தீர்மானம் போட்டு ஒரு குழுவுக்கோ நிர்வாக இயக்குநருக்கோ மேலாளருக்கோ முதன்மை அலுவலருக்கோ அவற்றை ஒப்படைக்கலாம். இந்தச் சட்டத்தில் மேலாளர் என்பவர் இயக்குநர் குழுவின் கீழ் நிறுவனம் முழுவதையும் நடத்துபவர், ஆலை மேலாளர் அல்ல. விநியோகஸ்தருக்கு 2 லட்சம் முன்கடன் கொடுக்க ஆலை மேலாளர் தன் 3 லட்சம் வரம்பைக் காட்டினால் அது செல்லாது. அவருடைய வரம்பு வாங்குவதற்கு உரியது, கடன் கொடுப்பதற்கு அல்ல. அரசின் விதிகள் எதிர்பாராச் செலவு, இழப்பைத் தள்ளுபடி செய்வது, பதவிகளை உருவாக்குவது, நிதியைத் தலைப்பு மாற்றுவது என்று அதிகாரத்தை முதலில் வகைப்படுத்தி, பிறகுதான் ஒவ்வொரு வகைக்கும் வரம்பு வைக்கின்றன. தொழிற்சாலையின் பக்கத்தில் வகை என்ற பத்தியே இல்லை. கெட்டுப்போன 2 லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கும் 2 லட்சத்துக்குப் புதுச் சரக்கு வாங்குவதற்கும் அங்கே ஒரே கையெழுத்து போதும்.