அந்த வெள்ளக் காணொளி இன்றையதா?

“இன்று காலை ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம்” என்று புலனத்தில் காணொளி வந்தால், அங்கு உறவினர் உள்ளவர்கள் பதறிப்போவார்கள். பகிரும் முன், கடைப் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும் இடத்தில் காணொளியை நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுங்கள். அதைக் கூகல் லென்ஸில் தேடி, அதே காட்சி வெளியான மிகப் பழைய தேதியைப் பாருங்கள். 2021 டிசம்பர் என்றிருந்தால், அது அந்த ஆண்டின் பெருவெள்ளக் காட்சி.

பலகை எழுத்துகள் இடவலம் மாறியிருந்தால், காணொளியை யாரோ திருப்பியிருக்கிறார்கள். படத்தை நேராக்கி மீண்டும் தேடுங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால், காணொளி புதியது என்று முடிவு கட்டாதீர்கள். publicinfobanjir.water.gov.my தளத்தில் ஆற்று நீர்மட்டத்தைப் பார்த்து, அங்குள்ள உறவினரையும் அழைத்துக் கேளுங்கள். திடீர் வெள்ளம் ஆற்று அளவில் தெரியாமலும் போகலாம்.