பால் கொடுக்கும் தாய் தைராய்டு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

குழந்தை பிறந்ததும் நம் வீடுகளில் நடப்பது இதுதான். "பால் கொடுக்கிற பிள்ளை, மாத்திரையெல்லாம் வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்ல, தாய் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார். தைராய்டு குறைவுக்குத் தரப்படும் லெவோதைராக்சின், நம் உடலே சுரக்கும் ஹார்மோன்தான். தாய்ப்பாலில் அது மிகச் சிறிய அளவே சேர்கிறது, குழந்தைக்குத் தீங்கில்லை. நிறுத்தினால்தான் தாய்க்குச் சோர்வு கூடும், பால் சுரப்பும் குறையலாம்.

ஒரு சகோதரியின் நிலையை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்துக்கு முன் அவருக்கு 75 மைக்ரோகிராம். கர்ப்ப காலத்தில் 100 ஆக உயர்த்தினார்கள். பிரசவத்துக்குப் பின் மருத்துவர் மீண்டும் 75 ஆக்கினார். ஆறு வாரம் கழித்து இரத்தம் பார்த்தால் டி.எஸ்.ஹெச். உயர்ந்திருந்தது. ஒரு நாளும் மாத்திரை தவறவில்லை. ஆனால் காலையில் அதோடு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். இவை இரண்டும் தைராய்டு மருந்தை உடலில் சேரவிடாமல் தடுப்பவை. அவற்றை நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீயோ உணவோ சாப்பிடலாம்.

தைராய்டு மிகைக்குக் கார்பிமசோல் எடுப்பவர்களும் நாளுக்கு 20 மில்லிகிராம் வரை பால் கொடுக்கலாம். மருத்துவர் அதைப் பிரித்துத் தந்தால், பால் கொடுத்து முடித்தவுடன் சாப்பிடுவது நல்லது. அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தையின் எடையும் வளர்ச்சியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் வரும் மிகை, சுரப்பி அழற்சியால் தானாக வந்து போவதாகவும் இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரை பயன்படாது. காரணம் அறிய ஸ்கேன் எழுதினால், பால் கொடுப்பதை முதலில் சொல்லுங்கள். கதிரியக்க அயோடின் பாலில் கலந்து குழந்தையைச் சேரும்.

தாய் மாத்திரை எடுத்தாலும் குழந்தை தன் ஹார்மோனைத் தானே உண்டாக்க வேண்டும். அதற்கான அயோடின் தாய்ப்பாலில் இருந்துதான் வருகிறது. ஆகவே தாய்க்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. அயோடின் கலந்த உப்பு, மீன், முட்டை, பால் இவற்றில் இருந்து அது கிடைக்கும். இந்துப்பிலும் அயோடின் சேர்க்காத கல் உப்பிலும் இது போதிய அளவு இருக்காது. உப்பை அதிகம் போட வேண்டாம். சரியான உப்பாக வாங்கி, மூடிவைத்து, சமையலின் கடைசியில் சேர்த்தால் போதும். கடற்பாசி மாத்திரை போன்றவை அளவு மீறினால், குழந்தையின் சுரப்பியையே மந்தமாக்கிவிடும். மருத்துவர் சொல்லாமல் அவற்றை வாங்க வேண்டாம்.