புரூட்டோ, நெட்டோ

ஜெர்மானியச் சம்பளச் சீட்டின் தலையில் நிற்கும் ‘புரூட்டோ’வும், பிடித்தங்கள் போக எஞ்சும் ‘நெட்டோ’வும், இத்தாலிய வர்த்தகர்களின் கணக்கேடுகளிலிருந்து வந்த பதங்கள், சுத்தமாகாதது, சுத்தமானது என்ற பொருளில், மூட்டையோடு நிறுத்த எடையையும் மூட்டை நீங்கிய எடையையும் அவை குறித்தன. 2025-இல் 3000 யூரோ புரூட்டோ பெறும் ஊழியரிடம் ஓய்வூதியக் காப்புக்கு 9.3 சதவீதமாக 279 யூரோவும், வேலையின்மைக் காப்புக்கு 1.3 சதவீதமாக 39 யூரோவும் பிடிக்கிறார்கள். அதே அளவை முதலாளியும் தனியே செலுத்துகிறார். நோய்க் காப்பும் பராமரிப்புக் காப்பும் தொடர, பின்னதில் 23 வயது கடந்தும் பிள்ளையில்லாதவருக்குச் சற்று அதிகம், விசித்திர நியாயந்தான்! ‘லோன்ஸ்டொயர்’ என்னும் சம்பள வரி, விவாக நிலையை ஒட்டிய வரிவகுப்பால் மாறும். தேவாலய வரியோ, சபையில் பதிவானவர்க்கு மட்டும், சம்பளத்தின்மீதன்றி அந்தச் சம்பள வரியின்மீதே 8 அல்லது 9 சதவீதமாக விழுகிறது.