குறியாக்க – குறிவிலக்க மாதிரி

குறியாக்க – குறிவிலக்க மாதிரி என்பது, ஊடகச் செய்தியொன்றின் பொருள் அதை ஆக்குவோரிடமே முடிந்துவிடுவதில்லை என்றும், பார்ப்போர் தம் வாழ்நிலையிலிருந்து அதை வாசிக்கும்போதே முழுமை பெறுகிறது என்றும் விளக்கும் பண்பாட்டியல் கோட்பாடாகும். ஜமைக்காவில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய ஸ்டுவர்ட் ஹால் (1932–2014) இதனை 1973இல் முன்வைத்தார். ஒரு கருத்தைச் சொல், படிமம், ஒலி ஆகியவற்றால் வடிவப்படுத்துவது குறியாக்கம் எனப்படும். அவ்வடிவத்திலிருந்து பார்ப்பவர் பொருளை எடுத்துக்கொள்வது குறிவிலக்கம் எனப்படும். இக்கட்டுரை, மகாபாரதத் தொலைக்காட்சித் தொடரில் வரும் திரௌபதையின் அவைக்காட்சியையும், திரௌபதை தெய்வமாக வழிபடப்படும் மட்டக்களப்பு வாவியோர ஊரான பழுகாமத்தையும் முன்னிறுத்தி இம்மாதிரியை விளக்குகிறது.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த தொடர்பாடல் மாதிரிகள், செய்தியை அனுப்புநரிடமிருந்து பெறுநருக்கு நேர்கோட்டில் செல்லும் ஒன்றாகக் கருதின. அனுப்பியது அப்படியே சென்றடையாவிட்டால், வழியில் ஏற்பட்ட இரைச்சலே அதற்குக் காரணம் என்றன. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் இருந்த ஹால், 1973ஆம் ஆண்டு செப்டெம்பரில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஐரோப்பிய அவைக் கருத்தரங்குக்கு எழுதிய கட்டுரையில் இப்பார்வையை மறுத்தார். ஆக்குவோர் கருதிய பொருளுக்கும் பார்ப்போர் எடுத்துக்கொள்ளும் பொருளுக்கும் இடையே தோன்றும் இடைவெளி கருவியின் கோளாறு அன்று, அவ்விரு தரப்பினரும் சமூகத்தில் வெவ்வேறு இடங்களில் நிற்பதன் விளைவு என்பதே அவருடைய வாதம். அக்கட்டுரையின் சுருங்கிய வடிவம் 1980இல் நூலொன்றில் வெளியானது. இன்று பெரும்பாலும் படிக்கப்படுவது அவ்வடிவமே.

செயற்படும் முறை

ஒரு நிகழ்வு உள்ளபடியே திரைக்கு வருவதில்லை. அது முதலில் ஒரு கதையாக வேண்டும் என்பது ஹாலின் அடிப்படைக் கருத்து. நிகழ்ச்சியை ஆக்குவோர் தமது அறிவுச் சட்டகத்தையும், அதாவது உலகைப் புரிந்துகொள்ளத் தாம் இயல்பாகப் பயன்படுத்தும் கருத்துகளின் தொகுதியையும், நிறுவனத்தின் உற்பத்தி உறவுகளையும், கைவசமுள்ள தொழில்நுட்ப வசதியையும் கொண்டே அக்கதையை அமைக்கின்றனர். பார்ப்போரிடமும் இம்மூன்றும் உண்டு; ஆனால் அவை ஆக்குவோருடையவற்றோடு முழுமையாகப் பொருந்த வேண்டும் என்ற நியதி இல்லை.

இதனால் ஒரு பனுவலுக்கு யாரும் எப்பொருளும் கொள்ளலாம் என்றாகிவிடாது. படிமங்கள் பல பொருளுக்கு இடந்தந்தாலும், ஆக்குவோர் அவற்றுள் ஒன்றை முன்தள்ளி ஏனையவற்றைப் பின்தள்ளுகின்றனர். அவ்வாறு முன்தள்ளப்படுவதே விருப்பப் பொருள் எனப்படும். பி. ஆர். சோப்ரா தயாரித்து, 1988 ஒக்டோபர் முதல் 1990 ஜூன் வரை இந்தியாவின் தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக ஒளிபரப்பான மகாபாரதத் தொடரில் இதனைக் கண்கூடாகக் காணலாம். அத்தொடரில் காலமே கதைசொல்லியாகி, உருவமற்ற குரலாக ஒலித்து, நிகழ்பவற்றுக்கு விளக்கம் தருகிறது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் முரண்படலாம். ஆனால் அனைவருக்கும் மேலிருந்து பேசும் அக்குரலோடு முரண்படத் திரைக்குள் எவரும் இல்லை. எனவே பார்ப்பவர் எப்பொருளை ஏற்க வேண்டும் என்பதை அக்குரல் பெருமளவுக்கு வகுத்துவிடுகிறது.

மூவகை வாசிப்பு

பார்ப்பவர் விருப்பப் பொருளோடு கொள்ளும் உறவைப் பொறுத்து, ஹால் மூன்று நிலைகளை எடுத்துக்காட்டினார். விருப்பப் பொருளை அது தரப்பட்ட சட்டகத்துக்குள்ளேயே ஏற்பது ஆதிக்க வாசிப்பு. அதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, தன் சொந்த நிலைமைக்கு மட்டும் விலக்குக் கோருவது பேர வாசிப்பு. நாட்டின் நலனுக்காகத் தொழிலாளர் ஊதிய உயர்வைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற செய்தியை நியாயமென ஏற்கும் ஒரு தொழிலாளி, தனது தொழிற்சாலையில் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்யவும் தயாராக இருப்பது ஹால் தரும் எடுத்துக்காட்டாகும். விருப்பப் பொருளைத் தெளிவாக விளங்கிக்கொண்டே, அதனை வேறொரு சட்டகத்துக்கு மாற்றி வாசிப்பது எதிர் வாசிப்பு. அதே செய்தியில் ‘நாட்டின் நலன்’ என்று வருமிடமெல்லாம் ‘வர்க்க நலன்’ என்று கேட்பவர் அவ்வாறு வாசிக்கிறார்.

முதலாமாண்டு மாணவர் பெரும்பாலும் தவறுவது இம்மூன்றாம் நிலையிலாகும். ஒருவர் காட்சியை வேறுவிதமாகச் சொன்னார் என்பதாலேயே அவர் எதிர்த்து வாசித்தார் என்று கொள்ளலாகாது. அவருக்கு அது விளங்காமலிருக்கலாம், அல்லது அவர் அதை ஒரு பொருட்டாகக் கொள்ளாதிருக்கலாம். ஆக்குவோர் சொல்ல வந்தது இன்னதென்று அறிந்தும் அதை மறுக்கிறார் என்பதை அவருடைய பேச்சு காட்டினால் மட்டுமே அது எதிர் வாசிப்பு ஆகும்.

திரௌபதையின் அவைக்காட்சி: ஓர் ஆய்வு

தருமன் சூதாட்டத்தில் தன்னையும் தோற்றுத் திரௌபதையையும் தோற்றல், துச்சாதனன் அவளை அவைக்கு இழுத்துவருதல், தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று அவள் வினவுதல், மூத்தோரின் மௌனம், துகிலுரிதல், கண்ணனின் காப்பு என்ற வரிசையில் அமைந்த இக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட புதுடெல்லிப் பெண்களின் வாசிப்பை மானிடவியலாளர் பூர்ணிமா மங்கேக்கர் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1993இல் கட்டுரையாகவும், 1999இல் விரிவான நூலின் பகுதியாகவும் வெளிவந்தது. பார்ப்போரோடு நில்லாது தொடரை ஆக்கியோரிடமும் அவர் உரையாடினார் என்பதால், குறியாக்கம், குறிவிலக்கம் ஆகிய இரு முனைகளையும் ஒருங்கே காண அது உதவுகிறது.

ஆக்கியோரின் சட்டகத்தில் திரௌபதை இந்தியப் பெண்மையின் வடிவமாகவும், அவளுக்கு நேர்ந்த இழிவு ஒரு சமூகத்தின் மானத்துக்கு நேர்ந்த இழிவாகவும் அமைந்தன. கீழ் நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் பலர் அவளுடைய சீற்றத்தில் தமது நிலைமையைக் கண்டனர். கணவனும் புகுந்த வீட்டாரும் பார்த்திருக்கவே பெண் காப்பற்றவளாக நிற்க நேரும் என்பதை அக்காட்சி அவர்களுக்கு உணர்த்தியது. அவள் எழுப்பிய வினா, குடும்பத்திலும் வெளியிலும் தாம் எதிர்கொள்ளும் நிலைமையைக் குறைகூறும் மொழியாயிற்று. அதே வேளை, நல்ல பெண், நாட்டின் மானம் என்ற கருத்துகளை அவர்கள் கைவிட்டுவிடவுமில்லை. காட்சியின் அறத்தை ஏற்றுக்கொண்டே, அதனைத் தம் வாழ்க்கைக்குத் திருப்பிக் கேள்வி கேட்ட இவ்வாசிப்பைப் பேர வாசிப்புக்கு அருகில் வைக்கலாம். திரௌபதையை நாட்டோடு இணைக்கும் வழக்கம் தமிழ் வாசகருக்கும் புதிதன்று. முதற்பகுதி 1912இல் வெளியான பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ அவ்வாறே வாசிக்கப்பட்டு வந்துள்ளது.

பழுகாமத்தில் இம்மாதிரி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என வழங்கும் நிலப்பகுதியில், போரதீவுப்பற்றில் அமைந்த பழுகாமத்தில் திரௌபதை கதைமாந்தர் மட்டுமல்லர், கோயில் கொண்ட அம்மன். அங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தின் சடங்கில் அடியார் நேர்த்திவைத்துத் தீமிதிக்கின்றனர். கிழக்கிலங்கையில் பாரதக் கதை கூத்துக் களரியிலும் நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. ஆகவே, தமிழில் மொழிமாற்றப்பட்டு 2013இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய மகாபாரதத் தொடர் போன்ற ஒன்றை இவ்வூரில் பார்ப்பவருக்குக் கதை முன்பே தெரியும். அதைக் காண வேறொரு சட்டகமும் கைவசம் உண்டு.

இங்கு ஆய்வு செய்ய முற்படும் மாணவர் முதலில் பனுவலைத்தான் ஆராய வேண்டும். அவைக்காட்சியில் கமெரா யார் முகத்தில் நிலைக்கிறது, இசை எங்கே ஏறுகிறது, இறுதிச் சொல் யாருடையது என்பவற்றைக் குறித்து, அவற்றிலிருந்து விருப்பப் பொருளை ஓரிரு வாக்கியங்களில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே காட்சியைச் சிறு குழுக்களுக்குக் காட்டி, கேள்விகளால் வழிநடத்தாமல், கதையை அவர்களுடைய சொற்களிலேயே சொல்லவிட வேண்டும். நேர்த்தி வைப்பவர், கூத்தாடுபவர், பல்கலைக்கழகத்தில் பயிலும் இளம்பெண், பிள்ளைகளை வளர்த்துவரும் தாய் ஆகியோர் வெவ்வேறு குழுக்களில் அமைவது நன்று. ஒவ்வொருவரும் எதைச் சொன்னார், எதை விட்டார், யாரைப் பெயர் சொல்லிக் குறித்தார், யாரை ‘அம்மாள்’ என்றார் என்பவையே பகுப்பாய்வுக்குரிய சான்றுகள்.

அவ்வாறு கேட்கையில் ஒருவர் திரௌபதை நாட்டின் மானம் என்ற பொருளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அவைக்காட்சியை அம்மன் பட்ட சோதனையாகக் கண்டு கைகூப்பினார் என்று கொள்வோம். இதனை ஹாலின் மூன்று நிலைகளுள் எதில் வைப்பது என்ற கேள்வி எழுகிறது. நாடகமாக ஆக்கப்பட்டதை வழிபாடாக வாசிப்பது பொருளை மட்டுமன்றி, பனுவலின் வகையையே மாற்றிவிடுகிறது. இதனை வலிந்து எதிர் வாசிப்பு என்று எழுதினால், அவர் சொல்லாத ஓர் அரசியலை அவர்மீது ஏற்றியதாகும். அறியாமை என்று எழுதினால், அவருடைய அறிவுச் சட்டகத்தையே மறுத்ததாகும். இம்மாதிரி பழுகாமத்தில் தன் எல்லையைத் தொடும் இடம் இதுவாகும்.

வரம்புகள்

இவ்வெல்லை வேறிடத்திலும் வெளிப்பட்டுள்ளது. டேவிட் மோர்லி, பி.பி.சி.யின் ‘நேஷன்வைட்’ நிகழ்ச்சியை வெவ்வேறு பின்னணி கொண்ட 29 குழுக்களுக்குக் காட்டி, 1980இல் வெளியிட்ட ஆய்வே இம்மாதிரியைக் களத்தில் சோதித்த முதல் பெரும் முயற்சி. வங்கி முகாமையாளர்களும் தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்களும் வர்க்கத்தால் வேறுபட்டிருந்தும் ஏறத்தாழ ஒரே ஆதிக்க வாசிப்பைச் செய்தனர். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் எதிர்த்து வாசித்தனர். கறுப்பின மாணவர் குழுவொன்றோ அந்நிகழ்ச்சி தம்மைப் பற்றியதே அன்று என்று பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டது. வர்க்கம் வாசிப்பை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை என்பதும், ஒதுங்கலுக்கு மூவகைப் பாகுபாட்டில் இடமில்லை என்பதும் இதனால் தெளிவாயின.

மற்றொரு சிக்கல் விருப்பப் பொருளைப் பற்றியது. அது பனுவலில் உள்ளதா, ஆக்குவோர் எண்ணத்தில் உள்ளதா, அன்றி ஆய்வாளரின் சொந்த வாசிப்பே அப்பெயரில் வருகிறதா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. செய்திகளில் அது ஓரளவு எளிதில் புலப்படும். பல குரல்கள் மோதும் காப்பியக் கதையில் அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஆகவே, மூவகை வாசிப்பைப் பதில்களை இட்டு நிரப்பும் பெட்டிகளாகக் கொள்ளாமல், பார்ப்பவர் எங்கு நின்று பேசுகிறார் என்று கேட்பதற்கான தொடக்கக் கேள்விகளாகக் கொள்வதே தகும். எப்பெட்டியிலும் அடங்காத பதில் கிடைக்குமிடத்து, மாணவர் பதிலை அன்றிப் பெட்டியையே மாற்ற வேண்டும்.